லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லை – நடைமுறை மூலதனமும் ரொக்கமாற்றுச் சுழற்சியும்: முக்கியக் குறிப்புகள்

வங்கித் தேர்வுக்கும் வணிகவியல் தேர்வுக்கும் படிப்பவர்கள் இந்தப் பாடத்தில் சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். “லாபத்தில் ஓடும் நிறுவனம், விற்பனை வளரும்போதே பணமின்றித் தவிப்பது ஏன்?” என்று கேள்வி வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. அந்த ஒரு கேள்விக்கு விடை எழுதத் தேவையானதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் உள்ள ஒரு பனியன் கம்பெனியை உதாரணமாக வைத்துக் கடைசிவரை அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி கற்பனை, அதன் நடைமுறை கற்பனை இல்லை.

அடிப்படை

• நடைமுறை மூலதனம் = நடப்புச் சொத்துகள் – நடப்புப் பொறுப்புகள். சில நூல்களில் செயல்பாட்டு மூலதனம் என்று வரும், இரண்டும் ஒன்றே. நடப்புச் சொத்துகளில் முக்கியமானவை சரக்கிருப்பு, வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி, ரொக்கம். நடப்புப் பொறுப்புகளில் முக்கியமானவை கடனீந்தோருக்குத் தரவேண்டிய பாக்கி, வங்கியின் ரொக்கக் கடன்.

• ரொக்கமாற்றுச் சுழற்சி என்பது சரக்குக்காக நம் கையிலிருந்து போன ஒரு ரூபாய், விற்பனைப் பணமாகத் திரும்பிவர எடுக்கும் நாட்கள். சூத்திரம்:

சரக்கு தங்கும் நாட்கள் + பாக்கி வசூலாகும் நாட்கள் – நாம் பாக்கி வைக்கும் நாட்கள்

முதல் இரண்டை மட்டும் கூட்டினால் அது செயல்பாட்டுச் சுழற்சி. நூல் கடைக்காரர் நமக்குத் தரும் தவணையை அதிலிருந்து கழித்தால்தான் ரொக்கமாற்றுச் சுழற்சி. ஒரு மதிப்பெண் கேள்வியில் இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துக் குழப்புவார்கள், கவனம்.

• நாட்களைக் கணக்கிடும் முறை: சரக்கு நாட்கள் = சரக்கிருப்பு ÷ விற்ற பொருளின் அடக்கவிலை × 365. வசூல் நாட்கள் = பாக்கி ÷ கடன் விற்பனை × 365. செலுத்தும் நாட்கள் = கடனீந்தோர் ÷ கடன் கொள்முதல் × 365. சரக்குக்கும் கொள்முதலுக்கும் அடக்கவிலை, வசூலுக்கு விற்பனை விலை. மூன்றையும் விற்பனையாலேயே வகுத்துவிடுவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

• விற்பனை, பில் போட்டுச் சரக்கை அனுப்பிய அன்றே கணக்கில் ஏறுகிறது. லாபமும் அன்றே பிறந்துவிடுகிறது. பணம் வருவது மூன்று மாதம் கழித்து. லாப நட்டக் கணக்கு இந்த இடைவெளியைக் காட்டாது. பாடம் முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

பனியன் கம்பெனியின் கணக்கு

• நம் கம்பெனி உள்நாட்டு மொத்த வியாபாரிகளுக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு விற்பனை 1 லட்சம் ரூபாய். செலவு 90,000. லாபம் 10,000. வருடத்துக்கு விற்பனை 3.65 கோடி, லாபம் 36.5 லட்சம். நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்றால் இந்தத் தொழிலில் குறை சொல்ல முடியாத லாபம்.

• நூல் வந்து இறங்குகிறது. நிட்டிங் போகிறது, துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது, காம்பாக்டிங் முடிந்து வருகிறது. பிறகு கட்டிங், பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் காத்திருக்க வேண்டும். சாயம் ஒரு ஷேடு மாறிவிட்டால் துணி திரும்பப் போகும். ஆகமொத்தம் 60 நாட்கள் பணம் சரக்காக நிற்கிறது: 60 × 90,000 = 54 லட்சம்.

• வாங்குபவர் 90 நாளில் பணம் தருகிறார்: 90 × 1 லட்சம் = 90 லட்சம்.

• நமக்குக் கிடைக்கும் தவணை 30 நாள்: 30 × 90,000 = 27 லட்சம். இங்கே கணக்கு எளிதாக இருக்க, எல்லாச் செலவுக்கும் 30 நாள் தவணை உண்டு என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் நூலுக்குத்தான் அந்தத் தவணை. கூலி வாரக் கூலி. சனிக்கிழமை மாலை பட்டுவாடா ஆக வேண்டும். செலவில் பாதிதான் தவணைக்குக் கிடைக்கிறது என்றால் சராசரி 30 நாளன்று, 15 நாள்தான். ஆகவே கீழே வரும் கணக்கைவிட நிஜ நிலவரம் கடினமாகவே இருக்கும்.

• சுழற்சி: 60 + 90 – 30 = 120 நாட்கள். வங்கிக் கடனைக் கழிக்காமல் பார்த்தால் நடைமுறை மூலதனத் தேவை: 54 + 90 – 27 = 117 லட்சம். இதில் 73 லட்சம் வங்கியின் ரொக்கக் கடன், மீதி 44 லட்சம் முதலாளியின் சொந்தப் பணம் என்று கொள்வோம். இந்த 73 எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆர்டர் கூடியபோது

• ஒரு பெரிய வாங்குநர் வருகிறார். விற்பனை நாளுக்கு 1.5 லட்சமாகிறது. செலவு 1.35 லட்சம், லாபம் 15,000. சுழற்சி அதே 120 நாள்தான். எவரும் தாமதிக்கவில்லை, எதிலும் பிசகில்லை. இருந்தும் தேவை இப்படி மாறுகிறது: சரக்கு 81 லட்சம், பாக்கி 135 லட்சம், கடனீந்தோர் 40.5 லட்சம். நிகரம் 175.5 லட்சம்.

• கூடுதல் தேவை 58.5 லட்சம். புதிய வேகத்தில் ஒரு முழு வருட லாபம் 54.75 லட்சம். ஆக, வருட லாபம் முழுவதும் சரக்கிலும் பாக்கியிலும் போய் உட்கார்ந்துகொண்டு, மேலும் 3.75 லட்சம் கேட்கிறது. வருமான வரி, மெஷின் கடன் தவணை, வீட்டுச் செலவு எதையும் இன்னும் தொடவில்லை.

• இதைவிட முக்கியமானது, பணம் எப்போது போகிறது என்பது. நாள்வாரியாகப் பார்த்தால்தான் புரியும். கூடுதல் ஆர்டருக்கான நூல் முதல் நாள் வருகிறது. 30ஆம் நாள் முதல் தினமும் 45,000 ரூபாய் கூடுதலாக வெளியே போகிறது. 60ஆம் நாள் சரக்கு கிளம்புகிறது. அதற்கான முதல் பணம் 150ஆம் நாள்தான் வந்து சேர்கிறது. இடையில் 120 நாட்கள். 120 × 45,000 = 54 லட்சம் போயிருக்கும். சுழற்சி நாட்கள் என்று சூத்திரத்தில் வந்த அதே 120 தான், நம் கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும் நாட்களாக இங்கே வந்து நிற்கிறது.

• அந்த 150 நாளில் பழைய வியாபாரம் நாளுக்கு 10,000 வீதம் 15 லட்சம் ஈட்டித் தருகிறது. கழித்தால் பள்ளம் 39 லட்சம். விற்பனை 50 சதவீதம் கூடிய ஐந்தாவது மாதம், கம்பெனியின் வரலாற்றிலேயே அதிக லாபம் காட்டும் மாதமும் பணம் அடிமட்டத்தில் கிடக்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

• 54 லட்சத்துக்கும் முன்பு சொன்ன 58.5 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 4.5 லட்சம் எங்கே என்று கேட்கலாம். அது பாக்கித் தொகைக்குள் இருக்கும் லாபம் (90 நாள் × 5,000). செலவழித்த பணமன்று, இன்னும் கைக்கு வராத லாபம். தேர்வில் “ரொக்கத் தேவை” என்றால் அடக்கவிலையிலும், “நடைமுறை மூலதனம்” என்றால் ஏட்டு மதிப்பிலும் போட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

• 150ஆம் நாளுக்குப் பிறகு தினமும் 15,000 மிஞ்சும். 39 லட்சம் பள்ளம் நிரம்ப 260 நாட்கள். அதாவது 410ஆம் நாள்தான் கம்பெனி புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறது. அதற்குள் இன்னொரு பெரிய ஆர்டரை ஏற்றுக்கொண்டால் பழைய பள்ளத்துக்குள்ளேயே புதுப் பள்ளம் விழும். சக்திக்கு மீறிய வணிகம் என்று பாடநூல் சொல்லும் நிலை இது.

• இதோடு ஜிஎஸ்டியும் உண்டு. சரக்குக்கான வரி பில் தேதியைப் பார்க்கும், வசூல் தேதியைப் பார்க்காது. மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாங்குபவர் அந்த வரியையும் சேர்த்து 90 நாள் கழித்துத்தான் தருவார்.

• கிளைகளில் கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். சனிக்கிழமை மதியம், கூலிப் பணத்துக்காக முதலாளி வந்து நிற்பார். கையில் பில் புத்தகம். “ஆர்டர் இருக்குதுங்க, பில்லும் போட்டாச்சுங்க, ஆளுகளுக்குக் குடுக்கத்தான் காசில்லீங்க.” அவர் நட்டத்தில் ஓடுகிறார் என்று அப்போது நினைத்தால் அது தவறான முடிவு. பில் புத்தகத்தில் 135 லட்சம் இருக்கிறது. பட்டுவாடா கவரில் போட ஒன்றும் இல்லை.

எவ்வளவு வளரலாம்?

• கடன் கூட்டாமல் சொந்த லாபத்திலேயே எவ்வளவு வளர முடியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பழைய தேவை 117 லட்சம். வளர்ச்சி விகிதம் வ என்றால் கூடுதல் தேவை 117 × வ. அதைத் தாங்க வேண்டியது தொழிலில் நிற்கும் லாபம். வரி, தவணை, வீட்டுச் செலவு போக லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் நிற்கிறது என்றால் அது 14.6 லட்சம் × (1 + வ). இரண்டையும் சமன் செய்தால் வ சுமார் 14 சதவீதம் வரும். இந்தக் கம்பெனி வருடத்துக்கு 14 சதவீதம் நிம்மதியாக வளரலாம். 50 சதவீதம் வளர்ந்தால் வெளிப்பணம் வேண்டும்.

• சுழற்சி குறைந்தால் இந்த எல்லை உயரும். சுழற்சி எதிர்மறையாக இருக்கும் வியாபாரங்களும் உண்டு. வாடிக்கையாளரிடம் இன்று வாங்கி, சப்ளையருக்கு ஒரு மாதம் கழித்துக் கொடுப்பவர்கள் அவர்கள். 1990-களில் டெல் கணினி நிறுவனம் இப்படி வளர்ந்தது, அமேசானும் அப்படியே. அங்கே விற்பனை கூடக் கூடப் பணம் சேரும். விற்பனை சரியும்போது அதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிப் பணத்தை வெளியே இழுக்கும்.

வங்கி பார்க்கும் கணக்கு

• நடைமுறை மூலதனக் கடன் பற்றிய குழுக்களில் மூன்று போதும். டாண்டன் குழு (அமைக்கப்பட்டது 1974, அறிக்கை 1975) மூன்று கடன் முறைகளைத் தந்தது. சோரே குழு 1979-இல் வந்தது. சிறுதொழிலுக்கான நாயக் குழு அறிக்கை 1992. டாண்டன் இரண்டாம் முறையில் நடப்புச் சொத்துகளில் 25 சதவீதத்தை உரிமையாளர் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும். அதனால் நடப்பு விகிதம் குறைந்தது 1.33 வரும்.

• நாயக் குழு முறை எளிது: அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம். அதில் 20 வங்கி, 5 உரிமையாளர். குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 கோடி வரையிலான கடன் வரம்புக்கு இம்முறை பொருந்தும். நம் கம்பெனியின் பழைய விற்பனை 3.65 கோடியில் 20 சதவீதம் 73 லட்சம். அந்த 73 இங்கிருந்துதான் வந்தது.

• இந்த முறைக்குள் மறைந்திருக்கும் அனுமானத்தைப் பலர் கவனிப்பதில்லை. விற்பனையில் கால் பங்கு என்றால் மூன்று மாதச் சுழற்சி என்று பொருள். நம் கம்பெனிக்குச் சுழற்சி நான்கு மாதம். தேவை விற்பனையில் 32 சதவீதம். இந்த இடைவெளி முழுக்க உரிமையாளர் தலையில் விழுகிறது. விற்பனை வளர வளர அதுவும் வளர்கிறது.

• புதிய விற்பனை 5.475 கோடிக்கு வரம்பு 109.5 லட்சம். வங்கி உடனே உயர்த்திக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். பழைய கடன் 73, பள்ளம் 39, ஆக வேண்டியது 112. 2.5 லட்சம் குறைகிறது. காகிதத்தில் சிறிய தொகை. ஆனால் ஒரு காசோலை திரும்ப அவ்வளவு போதும்.

• அந்த நாளில் நடப்பு விகிதம் பாருங்கள்: (81 + 135) ÷ (40.5 + 112) = 1.42. வங்கியின் 1.33-ஐத் தாண்டி நிற்கிறது. விரைவு விகிதம் 135 ÷ 152.5 = 0.89. இரண்டும் “பரவாயில்லை” என்று சொல்லும் எண்கள். கையில் ரொக்கம் பூஜ்யம். இந்த விகிதங்கள் பாக்கி எவ்வளவு என்று கேட்கின்றன. அது எப்போது வரும் என்று கேட்பதில்லை. ஒரு வருடமாக வராத பில்லும் நேற்றுப் போட்ட பில்லும் அங்கே ஒரே மதிப்புதான்.

• இனி வாங்குபவர் 90 நாளை 120 நாளாக இழுக்கிறார் என்போம். 30 நாள் வசூல் நின்றுபோகிறது: 30 × 1.5 லட்சம் = 45 லட்சம். வளர்ச்சி தோண்டிய 39 லட்சப் பள்ளத்தைவிட இது பெரிது. விற்பனை குறையவில்லை, லாபம் குறையவில்லை. லாப நட்டக் கணக்கில் ஒரு எழுத்துகூட மாறாது.

• அப்போது வங்கி உதவுமா? மாதாமாதம் தரும் சரக்குப் பட்டியலை வைத்து வங்கி எடுப்புத் தகுதி போடுகிறது. சரக்கிலிருந்து கடனீந்தோர் பாக்கியைக் கழித்து, அதில் மார்ஜினைக் கழித்து, வரவேண்டிய பாக்கியை மார்ஜின் போகச் சேர்க்கும். பெரும்பாலான வங்கிகள் 90 நாளைத் தாண்டிய பில்லை இதில் சேர்ப்பதில்லை. எனவே பாக்கி 135-லிருந்து 180 லட்சமாகக் கூடினாலும் கணக்கில் எடுபடுவது அதே 135 தான். கூடுதல் 45 லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில் கதவு அடைபடுகிறது.

• ரொக்கக் கடன் கணக்கின் நிலுவை, அனுமதித்த வரம்புக்கோ எடுப்புத் தகுதிக்கோ மேல் தொடர்ந்து 90 நாள் நின்றால் அது வாராக்கடன். லாபம் ஈட்டும் கம்பெனியின் கணக்கும் இப்படி வாராக்கடன் ஆகலாம்.

முன்கூட்டியே எப்படித் தெரியும்?

• வசூல் நாட்களை மாதம் ஒருமுறை போடுங்கள். விற்பனை 50 சதவீதம் கூடினால் பாக்கியும் 50 சதவீதம் கூடுவது இயல்பு. பாக்கி 100 சதவீதம் கூடினால் யாரோ தாமதிக்கிறார்கள், அல்லது விற்பனையைப் பிடிக்க நாமே தவணையை நீட்டியிருக்கிறோம்.

• ரொக்கக் கடன் கணக்கைப் பாருங்கள். ஆரோக்கியமான கணக்கில் நிலுவை ஏறி இறங்கும். வரம்பை ஒட்டியே பல மாதம் அசையாமல் நின்றால் அது இறுகிப்போன கணக்கு. நூல் கடைக்காரர் தவணையை நிறுத்தி ரொக்கம் கேட்கத் தொடங்குவதும் ஓர் அறிகுறி. சந்தையில் செய்தி வங்கிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

• லாபத்தையும் செயல்பாட்டு ரொக்கப் பாய்ச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதற்கான தரநிலை ஏஎஸ் 3; இந்திய கணக்கியல் தரநிலைகளில் இண்ட் ஏஎஸ் 7. 2013 நிறுவனச் சட்டப் பிரிவு 2(40)-இன்படி ரொக்கப் பாய்ச்சல் அறிக்கை நிதிநிலை அறிக்கையின் ஒரு பகுதி. ஆனால் ஒருநபர் நிறுவனம், சிறு நிறுவனம், செயல்படா நிறுவனம் ஆகியவற்றுக்கு அது கட்டாயமில்லை. எந்த அளவுத் தொழில் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுகிறதோ அதற்கே அந்த அறிக்கை கண்ணில் படாமல் போகிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் போட்டுப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

• உலக உதாரணம் கேட்டால் டபிள்யூ. டி. கிராண்ட் என்று எழுதுங்கள். 1906-இல் தொடங்கி, அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக விரிந்த சில்லறை விற்பனை நிறுவனம். கடைகளைப் பெருக்கிக்கொண்டே போனது; வாடிக்கையாளருக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. 1975 அக்டோபரில் திவால் மனு. அடுத்த வருடம் கடைகள் மூடப்பட்டன. லார்கே, ஸ்டிக்னி என்ற இரு கல்வியாளர்கள் 1980-இல் அதன் கணக்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். லாபம் காட்டிய ஆண்டுகளிலேயே செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் எதிர்மறையாக இருந்ததை அந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. சரக்கும் பாக்கியும் பணத்தைத் தின்றுகொண்டிருந்தன. முதலீட்டாளர்கள் லாப எண்ணைப் பார்த்துப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் தரும் 45 நாள்

• 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பிரிவு 15: குறு, சிறு நிறுவனத்திடம் வாங்குபவர் ஒப்பந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். பிரிவு 16: தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டுவட்டியாக. பிரிவு 18: தகராறு வசதிக் குழுமத்துக்குப் போகும், இணையதளம் வழியாகவே புகார் பதியலாம்.

• 1961 வருமான வரிச் சட்டத்தில் நிதிச் சட்டம் 2023 சேர்த்த பிரிவு 43பி(எச்) 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு 15-இன் கெடுவுக்குள் தராத பாக்கியை வாங்குபவர் தன் செலவாகக் கழிக்க முடியாது. உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் கழிக்கலாம். கேள்வியில் வரும் பொறி: இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை.

• 2025 ஏப்ரல் 1 முதல் வரையறை: குறு – முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை. சிறு – 25 கோடி, 100 கோடி வரை. நடுத்தரம் – 125 கோடி, 500 கோடி வரை. 5.475 கோடி விற்பனை செய்யும் நம் கம்பெனி, முதலீடும் வரம்புக்குள் இருந்தால், குறு நிறுவனம். உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே முடித்து, எண்ணைப் பில்லிலேயே அச்சிட வேண்டும்.

• பிறகு ஏன் 90 நாள் தவணை ஓடுகிறது? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 90 நாளை 45 ஆக்கினால் விடுபடும் தொகை 45 × 1.5 லட்சம் = 67.5 லட்சம். ஒரு வருட லாபத்தைவிட அதிகம்.

• சண்டை போடாத வழி டிரெட்ஸ். வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பில்லை மின்னணுத் தளத்தில் ஏற்றினால் வங்கிகள் ஏலம் கேட்டுத் தள்ளுபடி செய்து சில நாளில் பணம் தருகின்றன. வாங்குபவர் பிறகு தவறினாலும் விற்றவரிடம் திரும்பக் கேட்க முடியாது. முதல் தளம் ஆர்எக்ஸ்ஐஎல், 2017 ஜனவரியில் தொடங்கியது. ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேலுள்ள நிறுவனங்கள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. முன்பு அது 500 கோடி. வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டால்தான் இது நகரும் என்பதே இதன் எல்லை.

• இன்னொரு வழி ரொக்கத் தள்ளுபடி. 90 நாளுக்குப் பதில் 30 நாளில் தந்தால் 2 சதவீதம் குறைக்கிறோம் என்றால் ஆண்டுச் செலவு 2/98 × 365/60 = 12.4 சதவீதம். வங்கி வட்டியோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். வங்கிக் கதவு அடைபட்ட மாதத்தில் இதை மலிவு என்றே சொல்வேன்.

பயிற்சி

• அதே கம்பெனி, அதே 50 சதவீத வளர்ச்சி. வசூல் நாட்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே 45 என்று மாற்றிப் பேனாவால் போட்டுப் பாருங்கள். சுழற்சி 75 நாள், மிக ஆழமான பள்ளம் 105ஆம் நாளில் 23.25 லட்சம், அது நிரம்புவது 260ஆம் நாள் என்று வர வேண்டும். வராவிட்டால் “ஆர்டர் கூடியபோது” பகுதிக்குத் திரும்பிப் போய், 30ஆம் நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.